கம்பெனி ட்ரான்ஸ்ஃபர் போட்டா எவ்வளவு காசு வரும், எப்போ திருப்பிக் கேப்பாங்க: அடிக்கடி வர்ற கேள்விகள்

பாண்டில சேதராப்பட்டு பக்கம் ஒரு தனியார் பேக்டரில அட்மின்ல இருக்கேன். போன வருஷம் எங்க ஆளுங்க நிறைய பேரை கோயம்புத்தூர் யூனிட்டுக்கு மாத்துனாங்க, அதுல இருந்து டீக்கடைல நின்னாலும் பஸ் ஸ்டாண்ட்ல நின்னாலும் ஒரே கேள்விதான். பாலிசி 19 பக்கம், முழுக்க இங்கிலீஷ், யாரும் படிக்கல, நானே முதல்ல படிக்கல. அப்புறம் உக்காந்து ஒரு தாள்ல சுருக்கி எடுத்தேன், அதை வச்சு சொன்ன பதிலெல்லாம் இங்க இருக்கு. இதுல வர்ற தொகை, நாள் கணக்கெல்லாம் எங்க பாலிசில உள்ளது, உங்க கம்பெனில வேற இருக்கும், ஆனா சிக்கல் வர்ற இடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

19 பக்கத்தை ஒரே தாள்ல எப்படிங்க சுருக்குனீங்க? நானும் எங்க கம்பெனி பாலிசிய அப்படி பண்ணணும்

ஒரு தாளை நாலா மடிச்சேன். முதல் கட்டத்துல யாருக்கு கிடைக்கும், ரெண்டாவதுல என்னென்னத்துக்கு காசு, மூணாவதுல எவ்வளவு வரைக்கும் எத்தனை நாளுக்குள்ள, நாலாவதுல எப்போ திருப்பிக் கட்டணும். பாலிசில இருக்குற ஒவ்வொரு வரியையும் படிச்சு இது எந்தக் கட்டம்னு கேட்டுக்கிட்டே போங்க. கம்பெனியோட நோக்கம், ஊழியர் நலன்னு எழுதியிருக்குற மூணு பக்கம் எந்தக் கட்டத்துலயும் விழாது, அதை அப்படியே விட்டுடலாம்.

வார்த்தைய மட்டும் மாத்தாம எழுதிக்கோங்க. 'ஷல்'னு இருந்தா கம்பெனி குடுத்தே ஆகணும், 'மே'னு இருந்தா மேனேஜர் மனசு வச்சா குடுப்பாரு. 'லம்ப்சம்'னா பில்லே வேணாம், மொத்தமா வரும். 'ஆக்சுவல்ஸ்'னு போட்டு பக்கத்துல 'அப் டு' இவ்வளவுன்னு இருந்தா செலவான காசு மட்டும்தான் வரும், அதுவும் அந்த உச்சவரம்பு வரைக்கும்தான். எங்க ஆளுங்க பாதி பேரு இந்த 'அப் டு' தொகைய தனக்கு வரப்போற காசுன்னு நினைச்சுக்கிட்டு பட்ஜெட் போட்டாங்க, சண்டை முக்காவாசி அதுலதான் ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு, நாலாவது கட்டத்தை முதல்ல நிரப்புங்க. திருப்பிக் கட்டுற ஷரத்து எப்பவும் கடைசிப் பக்கத்துலயோ இல்ல கையெழுத்து வாங்குற அண்டர்டேக்கிங் படிவத்துலயோதான் இருக்கும், அதுக்குள்ள படிக்கிறவனுக்கு கண்ணு சொருகிடும்.

கடலூர்ல இருந்து பாண்டி யூனிட்டுக்கு மாத்திட்டாங்க, எனக்கு ரீலொகேஷன் காசு உண்டா சார்?

எங்க பாலிசிப்படி கிடையாது. பழைய ஆபீசுக்கும் புது ஆபீசுக்கும் 50 கிலோமீட்டராவது இருக்கணும்னு போட்டிருக்கு, கடலூர் பாண்டி அதுல பாதிதான் வரும். தினம் பஸ்ல வந்து போற தூரம்னு கணக்கு. சில கம்பெனில இதுக்கு ரீலொகேஷன் இல்லாட்டியும் 3 மாசத்துக்கு போக்குவரத்து அலவன்ஸ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதைக் கேட்டுப் பாருங்க.

தூரத்தை எங்க இருந்து அளக்குறாங்கன்னு பாருங்க. எங்க ஆள் ஒருத்தர் கடலூர் ஓ.டி.ல வீடு, வேலை சேதராப்பட்டு, திண்டிவனம் குடோனுக்கு மாத்துனாங்க. வீட்டுல இருந்து பாத்தா 60 கிட்ட வருது, ஆனா பாலிசி ஆபீஸ் டு ஆபீஸ்னு சொல்லுது, அது 50 தொடல. மனுஷன் வீட்டையே மாத்தினாரு, ஒரு பைசா வரல. எனக்கு இது நியாயமாப் படல, ஆனா எழுத்துல அப்படித்தான் இருக்கு.

நானே கேட்டு வாங்கின ட்ரான்ஸ்ஃபர்னா?

அதுக்கு பெரும்பாலும் எங்கயும் குடுக்க மாட்டாங்க, மத்திய அரசு வேலையிலயும் சொந்த விருப்பத்துல போற மாறுதலுக்கு பயணப்படி கிடையாது.

வில்லங்கம் எதுலன்னா, நீங்க கேட்டீங்களா கம்பெனி அனுப்புச்சான்னு யாரு முடிவு பண்றதுங்குறதுல. அப்ரைசல் நேரத்துல ஒரு பையன் சும்மா பேச்சுக்கு "கோயம்புத்தூர் கிடைச்சா நல்லா இருக்கும், மாமனார் ஊரு பக்கம்"னு சொல்லியிருக்கான், மேனேஜர் அதை சிஸ்டத்துல ஊழியர் வேண்டுகோள்னு ஏத்திட்டாரு. கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டுதான் அனுப்புனாங்க, ஆனாலும் க்ளெய்ம் போட்டப்போ ரிஜெக்ட். அதை மாத்துறதுக்கே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அதனால ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் கையில வந்ததும் காரணம்னு போட்டிருக்குற வரியைப் படிங்க, நிர்வாகத் தேவைன்னு இல்லேன்னா ஜாயின் பண்றதுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டு திருத்தச் சொல்லுங்க.

சரி எனக்கு உண்டுன்னே வச்சுக்குவோம், என்னென்னத்துக்கு காசு தருவாங்க?

எங்க பாலிசில அஞ்சு தலைப்பு. குடும்பத்தோட போற டிக்கெட், சாமான் ஏத்துற செலவு, வீடு கிடைக்கிற வரைக்கும் தங்குற லாட்ஜ் வாடகை, வீட்டு ப்ரோக்கர் கமிஷன், அப்புறம் செட்லிங் அலவன்ஸ்னு அரை மாச பேசிக். இந்தக் கடைசி ஒண்ணு மட்டும் லம்ப்சம், மத்த நாலும் பில்லு வச்சாத்தான்.

வீட்டு அட்வான்ஸ் இதுல வராது. ஓனர் திருப்பித் தரப்போற காசு அது, செலவு இல்லைங்குறது அவங்க வாதம். கேட்டா சம்பள முன்பணமா குடுத்து மாசாமாசம் பிடிப்பாங்க. புது கேஸ் கனெக்‌ஷன், கர்ட்டன், ஏசி கழட்டி மாட்டுறதெல்லாம் செட்லிங் அலவன்ஸ்லதான் பாத்துக்கணும்.

லிமிட் போக மிச்சம் இருந்தா அதை வேற செலவுல சேத்துக்கலாமா?

முடியாது, ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி உண்டியல். நிஜமா நடந்த கணக்கு ஒண்ணு சொல்றேன், கீழ திரும்பவும் இதே கணக்கு வரும். எங்க ஸ்டோர்ஸ்ல இருந்த ஒரு அண்ணன், பேசிக் 28,000, மனைவி ரெண்டு பிள்ளைங்க, ஜூலை 1 கோயம்புத்தூர்ல ஜாயினிங். டிக்கெட் நாலு பேருக்கும் 3,200 ஆச்சு, முழுசா வந்துச்சு. லாட்ஜுக்கு ஒரு நாளைக்கு 2,000 வீதம் 14 ராத்திரி வரைக்கும் உண்டு, அதாவது 28,000 உச்சவரம்பு. அவரு 1,800 ரூம்ல 9 ராத்திரி தங்கிட்டு வீடு பாத்துட்டாரு, 16,200தான் வந்துச்சு. மீதி 11,800 காத்தோட போச்சு.

அதே நேரத்துல சாமான் ஏத்துனதுல கையை விட்டுப் போயிருக்கு. பேக்கர்ஸ்காரன் 35,000னு கொட்டேஷன் குடுத்தான், பாலிசி லிமிட்டும் 35,000, சரியாப் போச்சுன்னு இருந்தாரு. பில்லு வந்தப்போ 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 41,300. எங்க லிமிட் வரி உள்பட. 6,300 சொந்தக் காசு. லாட்ஜ்ல மிச்சம் பண்ணினேனே அதுல கழிங்கன்னு கேட்டாரு, ஒத்துக்கல. கொட்டேஷன் வாங்குறப்பவே வரியோட மொத்தம் எவ்வளவுன்னு எழுதி வாங்கியிருந்தா பேரம் பேசியிருக்கலாம்.

ப்ரோக்கருக்கு ஒரு மாச வாடகை 11,000, செட்லிங் 14,000. எல்லாம் சேத்து கம்பெனிகிட்ட இருந்து அவருக்கு வந்தது 79,400.

பில்லு எத்தனை நாளுக்குள்ள குடுக்கணும்? எனக்கு லேட் ஆயிடுச்சு

எங்ககிட்ட ஜாயின் பண்ணி 60 நாள். மத்திய அரசுலயும் முன்னாடி ஒரு வருஷம் இருந்ததை 2018ல 60 நாளா குறைச்சுட்டாங்க, ஆனா அங்க பயணம் முடிஞ்ச நாள்ல இருந்து எண்ணுவாங்க. தனியார்ல ஜாயினிங் தேதியா, பில் தேதியா, சாமான் போய் சேந்த தேதியான்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. லேட் ஆனா மேனேஜருக்கு மேல இருக்குறவர்கிட்ட விதிவிலக்கு கேக்கணும், காரணம் எழுத்துல இருக்கணும், வாயால சரின்னு சொன்னது செல்லாது.

பில்லுல ரெண்டு விஷயம் பாருங்க. உங்க பேரு இருக்கணும், எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குன்னு இருக்கணும். வெறும் "லாரி வாடகை"ன்னு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா அக்கவுண்ட்ஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. காசையும் கையில குடுக்காம பேங்க் வழியா போடுங்க.

ஆடி மாசத்துல யாரு வீடு மாத்துவா? ஆர்டர் ஜூன் கடைசில வந்துச்சு

இதைக் கேக்காத ஆளே இல்ல, மேல சொன்ன அண்ணனுக்கும் இதே பிரச்சினைதான். ஆடி ஜூலை நடுவுல ஆரம்பிச்சு ஆகஸ்ட் நடு வரைக்கும் போகும், ஜூலை 1 ஜாயின் பண்ணா 60 நாள் ஆகஸ்ட் கடைசில முடிஞ்சிடும், நடுவுல ஆடிய கழிச்சா மிச்சம் இருக்குறது முன்ன ரெண்டு வாரம் பின்ன ரெண்டு வாரம். பாலிசி எழுதுன ஆளுக்கு ஆடியும் தெரியாது மார்கழியும் தெரியாது.

அந்த அண்ணன் ஆனி முடியுறதுக்குள்ள ஒரு நல்ல நாள் பாத்து பால் மட்டும் காய்ச்சிட்டு சாமானை ஏத்திட்டாரு. அது முடியாதவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு: ஜாயின் பண்ண முதல் வாரத்துலயே குடும்பமும் சாமானும் பின்னாடி வரும்னு மெயில் போட்டு அந்தத் தலைப்புக்கு மட்டும் கெடு நீட்டிப்பு வாங்குறது. எங்க பாலிசில குடும்பத்துக்கு 6 மாசம் வரைக்கும் நீட்டிக்க இடம் இருக்கு, ஆனா அந்த வரில 'மே'னுதான் இருக்கு, முதல் பதில்ல சொன்னேன்ல. காரணத்துல ஆடின்னு எழுதாதீங்க, பிள்ளைங்க படிப்பு, வீடு கிடைக்கலன்னு எழுதுங்க, அதுவும் உண்மையாத்தானே இருக்கும்.

சாமான் லாரி பாண்டி பார்டர் தாண்டுறப்போ ஈவே பில் வேணும்னு 2,000 கேக்குறாங்க, குடுக்கணுமா?

வீட்டுல பயன்படுத்துன பழைய சாமானுக்கு ஈவே பில் தேவையில்ல, ஜிஎஸ்டி விதியிலயே விலக்கு இருக்கு. கொட்டேஷன்ல இல்லாத காசு கம்பெனியும் தராது. சாமான் பட்டியல் ஒண்ணும் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் நகலும் ட்ரைவர்கிட்ட குடுத்து விடுங்க, போதும். பேக்கிங்ல நம்ம ஊரு பாட்டில் ரெண்டு வச்சு அனுப்பலாம்னு மட்டும் நினைக்காதீங்க, செக்போஸ்ட்ல மாட்டுனா லாரியே நிக்கும், அப்புறம் கட்டில் பீரோவெல்லாம் ஸ்டேஷன் வாசல்லதான்.

மழைக் காலத்துல ஏத்துறவங்க ட்ரான்சிட் இன்சூரன்ஸ் உங்க கம்பெனி பாலிசில சேருமான்னு பாருங்க. எங்க பாலிசில அது 35,000க்குள்ளயே அடங்கணும்.

பிஒய் நம்பர் வண்டி இருக்கு, அதுக்கு?

சாமானோட ஏத்திட்டுப் போற செலவு மட்டும் சாமான் லிமிட்டுக்குள்ள வரும். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சு ஓட்டுனா அங்க புது நம்பர் வாங்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது, அதுக்கு இங்க ஆர்டிஓல படிவம் 28ல தடையில்லாச் சான்று வாங்கணும், தமிழ்நாட்டுல சாலை வரி கட்டணும். அந்த வரி எங்க பாலிசில இல்ல. கார் வச்சிருக்கவங்களுக்கு இது பெரிய தொகை, போறதுக்கு முன்னாடியே பேசி வாங்கப் பாருங்க, போன அப்புறம் யாரும் காது குடுக்க மாட்டாங்க.

இந்தக் காசுக்கெல்லாம் இன்கம்டாக்ஸ் பிடிப்பாங்களா?

ட்ரான்ஸ்ஃபர்ல போற டிக்கெட், சாமான் கட்டி ஏத்துற செலவு, இதுக்குன்னு தர்ற அலவன்ஸ் நிஜமா செலவான அளவுக்கு வரி கிடையாது, பழைய முறை புது முறை ரெண்டுலயும் இந்த விலக்கு உண்டு. மாறுதல்ல போறப்போ கம்பெனி போட்டுத் தர்ற ஹோட்டலுக்கும் 15 நாள் வரைக்கும் வரி இல்ல. ப்ரோக்கர் கமிஷனை பேரோல்ல பெரும்பாலும் சம்பளத்தோட சேத்துடுவாங்க.

செட்லிங் அலவன்ஸ் பில்லு இல்லாம வர்றதால அதுக்கு வரி பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. இது ஏன் முக்கியம்னா அடுத்ததுக்கு அடுத்த கேள்வியப் பாருங்க.

வேலைய விட்டா மொத்தத்தையும் திருப்பிக் கட்டணுமா?

ஷரத்துல என்ன எழுதியிருக்குங்குறதைப் பொறுத்தது, ஒரே ஒரு வார்த்தை மாறுனா ஆயிரக்கணக்குல மாறும். அந்த அண்ணனோட 79,400யே எடுத்துக்குவோம். 12 மாசம் இருக்கணும், இல்லேன்னா மீதி மாசத்துக்கு ஏத்த மாதிரி கட்டணும்னு ஷரத்து. அவரு டிசம்பர் 30 பேப்பர் போட்டாரு, 60 நாள் நோட்டீஸ், கடைசி வேலை நாள் பிப்ரவரி 28.

ஜாயினிங் தேதில இருந்து கடைசி வேலை நாள் வரைக்கும் எண்ணுனா 8 மாசம் முடிஞ்சிருக்கு, மீதி 4 மாசம், 79,400ஐ 12ஆல வகுத்து 4ஆல பெருக்குனா 26,467. ஆனா அக்கவுண்ட்ஸ்ல காசு குடுத்த தேதில இருந்து எண்ணுனாங்க, க்ளெய்ம் பாஸாகி காசு வந்தது ஆகஸ்ட் 20, அப்படிப் பாத்தா 6 மாசம்தான் முடிஞ்சிருக்கு, கட்ட வேண்டியது 39,700. இதுல மேனேஜர் வேற, பேப்பர் போட்ட தேதியோட நிறுத்தணும்னாரு, ஜூலை 1ல இருந்து டிசம்பர் 30க்கு 5 முழு மாசம்தான், மீதி 7, அது 46,317. மூணு பேரும் ஒரே ஷரத்தைத்தான் படிச்சாங்க. படிவத்துல "மாற்றப்பட்ட தேதியிலிருந்து 12 மாத சேவை"ன்னு இருந்துச்சு, நோட்டீஸ் காலமும் சேவைதானேன்னு அந்த அண்ணன் எழுதிக் குடுத்தாரு, கடைசில 26,467க்கே வந்து நின்னாங்க. மாசக் கணக்கே இல்லாம 12 மாசத்துக்குள்ள விட்டா முழுசும்னு ஷரத்து இருந்தா, 11ஆவது மாசத்துல விட்டாலும் 79,400தான்.

அதனால அண்டர்டேக்கிங்ல கையெழுத்துப் போடுறப்போ மூணு கேளுங்க: எந்தத் தேதில ஆரம்பம், எந்தத் தேதில முடிவு, மாசத்துக்கு ஏத்த மாதிரி குறையுமா. படிவத்துல இல்லேன்னா மெயில்ல கேட்டு பதில் வாங்கி வச்சுக்கோங்க.

வரி பிடிச்சுட்டு குடுத்தாங்க, திருப்பிக் கேக்குறப்போ முழுத் தொகையா கேக்குறாங்களே?

ஆமா, பெரும்பாலும் வரிக்கு முந்தின தொகையத்தான் கேப்பாங்க. கையில வராத காசையும் சேத்துத்தான் கட்டுறோம். காசு குடுத்ததும் அதைத் திருப்பி வாங்குனதும் ஒரே நிதியாண்டுல இருந்தா பேரோல்ல அதை வருமானத்துல கழிச்சு டிடிஎஸ்ஸை சரி பண்ணச் சொல்லலாம், அந்த அண்ணனுக்கு ரெண்டுமே மார்ச் 31க்குள்ள வந்ததால தப்பிச்சாரு. ஏப்ரல் தாண்டிடுச்சுன்னா பழைய வருஷ கணக்கு மூடியிருக்கும், அலைச்சல்தான். பேப்பர் போடுற மாசத்தை நீங்களே முடிவு பண்ற நிலைமைல இருந்தா இதையும் மனசுல வச்சுக்கோங்க.

கம்பெனியே என்னை வேலைய விட்டு எடுத்தா? இல்ல 5 மாசத்துல திரும்ப பாண்டிக்கே அனுப்பிட்டா?

எங்க பாலிசில ஊழியர் தானா விலகுனாலும் ஒழுங்கு நடவடிக்கைல நீக்குனாலும் மட்டும்தான் பிடித்தம். ஆள்குறைப்பு, கம்பெனியே மறுபடி மாத்துறது, இறப்பு, இதுக்கெல்லாம் கிடையாது. உங்க ஷரத்துல "எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும்"னு இருந்தா அதை ஒத்துக்காதீங்க, கம்பெனியே அனுப்பிட்டு நம்மகிட்டயே காசும் கேக்கும்.

திரும்ப பாண்டிக்கு அனுப்புனா புதுசா இன்னொரு க்ளெய்ம் உண்டு, ஆனா புதுசா இன்னொரு 12 மாசமும் ஆரம்பிக்கும். பழைய 12 மாசம் அதோட முடிஞ்சுதா, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஓடுதான்னு எழுத்துல வாங்குங்க, எங்க பாலிசி இதுல வாயே திறக்கல.

கட்ட மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவாங்க? பாண்டெல்லாம் செல்லாதுன்னு சொல்றாங்களே

அந்த நம்பிக்கைல இருக்காதீங்க. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல, 3 வருஷத்துக்கு முன்னாடி விலகுனா 2 லட்சம் கட்டணும்ங்குற ஷரத்து செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ரீலொகேஷன்ல உங்களுக்காக நிஜமா செலவு பண்ண காசுக்கு பில்லே இருக்கு, அதனால கம்பெனி கை இன்னும் பலமாத்தான் இருக்கும். செலவுக்கு சம்பந்தமே இல்லாம 79,400 குடுத்துட்டு 3 லட்சம் கேட்டா, அப்போ தாராளமா சண்டை போடலாம்.

நடைமுறைல கோர்ட்டுக்கெல்லாம் போக மாட்டாங்க, கடைசி சம்பளம், லீவு காசு இதுல கழிச்சுட்டு மீதிய கட்டுனாத்தான் ரிலீவிங் லெட்டர்னு நிப்பாங்க. பிஎஃப் காசுல மட்டும் கை வைக்க முடியாது, அதுக்கு சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு. புது கம்பெனில சேரப்போறவங்க ஆஃபர் பேசுறப்பவே இந்தத் தொகைய அவங்க ஏத்துக்குவாங்களான்னு கேளுங்க, எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு அப்படிக் குடுத்திருக்காங்க, கேக்காத மூணாவது ஆளு சொந்தமா கட்டினான்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ரெண்டு பேரையும் மாத்துனா ரெண்டு க்ளெய்மா?

சாமான், லாட்ஜ், ப்ரோக்கர் ஒருத்தர் பேர்லதான். செட்லிங் அலவன்ஸ் எங்ககிட்ட ரெண்டு பேருக்கும் தனித்தனியா குடுத்தாங்க. யாரு பேர்ல பெரிய க்ளெய்ம் போடுறீங்களோ அவங்க மேலதான் 12 மாசக் கட்டும் விழும், அதனால சீக்கிரம் வேற வேலை பாக்குற யோசனைல இருக்குறவங்க பேர்ல போட்டுடாதீங்க.